மாமியின் றாக்கையில் எது சூடு தாங்கும்?

போன மாதம் சின்னவனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். மாமி இரவோடு இரவாகக் கொத்தமல்லி அவித்து, வடித்து, சுடச்சுடக் கொண்டுபோகச் சொல்லித் தந்தார். பிளாஸ்க் ஏற்கனவே வார்டில் மனைவியிடம் இருந்தது. உவர்மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம்தானே என்று, குடிதண்ணீர் வாங்கிய ஒரு லீற்றர் போத்தலைக் கழுவி அதற்குள் ஊற்றத் தொடங்கினேன்.

பாதி ஊற்றியிருப்பேன். போத்தல் நொறுநொறுவென்று சத்தம் போட்டது. பிறகு என் கண் முன்னாலேயே சுருங்கியது. நடுவில் இடுப்பு ஒடுங்கி, ஒரு பக்கம் சரிந்து, அடிப்பகுதி மேலே எழும்பியது. உள்ளே இடம் குறையக் குறைய சுடுதண்ணீர் வாய்வழியாக வழிந்து கையில் கொட்டியது. கழுத்தும் மூடி பூட்டும் புரியும் மட்டும் அப்படியே இருந்தன.

கை எரிச்சல் அடங்கிய பிறகு அந்தக் கழுத்துதான் மனதில் நின்றது. ஏன் அது மட்டும் தப்பியது? போத்தல் செய்கிற முறையைத் தெரிந்துகொண்டால் விளங்கிவிடும். இந்தப் போத்தல்கள் முதலில் போத்தலாகவே வருவதில்லை. தடித்த சோதனைக்குழாய் மாதிரி, மேலே புரியோடு, சிறியதாக வார்க்கப்படும். அதைச் சூடாக்கி, அச்சுக்குள் வைத்து, நீட்டி, காற்றடித்து ஊதுவார்கள். பலூன் மாதிரி விரிந்ததும் குளிர்ந்து அப்படியே இறுகிவிடும். கழுத்தை மட்டும் ஊதுவதில்லை. ஏறக்குறைய 75 பாகை செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பிளாஸ்டிக் இளகும். இளகியதும் இழுத்து வைத்த உடம்பு பழைய குழாயாகப் போகப் பார்க்கும். இழுபடாத கழுத்துக்குத் திரும்பிப் போக ஒரு இடமும் இல்லை.

போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தது. கொத்தமல்லித் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். இந்தப் பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும்போது ஊக்கியாகப் பெரும்பாலும் அந்திமனிச் சேர்வை ஒன்றைப் பாவிப்பார்கள். அதில் மிகச் சிறிய அளவு போத்தலிலேயே தங்கும். குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்குவது அற்பம், சூடு ஏற ஏற அதிகமாக இறங்கும். ஒரு தரம் குடித்தால் ஒன்றும் ஆகியிருக்காதுதான். ஆனாலும் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

சின்னவன் சுகமாகி வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குசினியில் மாமியின் றாக்கையைக் காலி செய்தேன். எங்கள் வீடுகளில் ஐஸ்கிரீம் தின்று முடிந்தால் பெட்டி போவதில்லை. மார்ஜரின் பெட்டி போவதில்லை. கலியாண வீட்டில் சோறு கட்டித் தந்த பெட்டியும் போவதில்லை. மொத்தம் 38 உருப்படி. மாமி கதவடியில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, எல்லாத்தையும் கவிட்டு வச்சிருக்கிறீங்கள்?"

"அடியில நம்பர் பாக்கிறன் மாமி."

"லொத்தர் நம்பரே?"

நம்பர் பார்ப்பது சொல்கிற அளவுக்கு இலேசில்லை. ஒளி ஊடுருவும் பெட்டியில் அந்த எழுத்து கண்ணுக்கே படாது. கைபேசி வெளிச்சத்தை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், அடிப்பகுதியை உரசுகிற மாதிரிப் பிடித்தால் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். அப்படியும் தெரியாதவற்றில் சின்னவனின் பவுடரைக் கொஞ்சம் தேய்த்துத் துடைத்தேன். குழியில் பவுடர் தங்கி எழுத்து வெள்ளையாக எழும்பியது. வெள்ளைப் பெட்டிக்குக் கரித்தூள்.

இதில் முதலில் ஏமாந்தும் போனேன். ஒரு பெட்டியின் அடியில் 3 என்று கண்டதும் ஓரமாக எடுத்து வைத்தேன். 3 என்றால் பி.வி.சி, தண்ணீர்க் குழாய்ச் சாதி. பிறகு பார்த்தால் அந்த 3 தனியாக, முக்கோணம் இல்லாமல் நிற்கிறது. ஒரே நேரத்தில் பல பெட்டி வார்க்கிற அச்சில் இது எத்தனையாம் குழியில் வார்த்தது என்பதற்கான தொழிற்சாலை அடையாளம் அது. இன்னொன்றில் மணிக்கூடு மாதிரி வட்டம், சுற்றிவர 1 முதல் 12 வரை, நடுவில் ஒரு அம்புக்குறி. அது வார்த்த மாதம். முக்கோணத்துக்குள் இருக்கிற 1 முதல் 7 வரையான இலக்கம் மட்டும்தான் பிளாஸ்டிக்கின் சாதியைச் சொல்லும்.

இந்த இலக்கங்களை 1988 இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் உற்பத்தியாளர்களின் சங்கம் கொண்டுவந்தது. பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிறவர்கள் எது எதுவென்று அறிந்துகொள்வதுதான் நோக்கம். சாப்பாடு அப்போது அவர்கள் நினைப்பிலேயே இல்லை. வளைந்து துரத்துகிற மூன்று அம்புகளைக் கண்டு, இலக்கம் போட்ட எல்லாமே மீள்சுழற்சிக்குப் போகும் என்று சனம் நினைக்கத் தொடங்கியதால், 2013 இல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள். எங்கள் றாக்கையில் இரண்டு விதமும் இருந்தன.

கணக்கு இப்படி வந்தது. 5 போட்டது 17. தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் போத்தல் என்று 1 போட்டது 6. யோகட் கப்பும் அதன் உறவுகளும் 6 என்று 4. கனத்த வெள்ளைப் பேணிகள் 2 என்று 3. சின்னவன் கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ பரிசாகத் தந்த பால்போத்தல் ஒன்று 7. இலக்கமே இல்லாதது 7 உருப்படி.

சூடு என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தப் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும். 1 எப்படி என்பதைக் கையில் பட்டு அறிந்துவிட்டேன். 6, அதாவது பொலிஸ்டைரீன், கொதிநீர்ச் சூட்டுக்குக் கிட்டவே இளகும். எண்ணெய்ச் சாமானும் சூடும் சேர்ந்தால் அதிலிருந்து ஸ்டைரீன் இறங்கும். ரெஜிபோம் சோற்றுப் பெட்டியும் இதே 6 தான், காற்றை அடைத்து ஊதியது. 2017 செப்டம்பரில் இங்கே இலங்கையில் லஞ்ச் சீட்டோடு சேர்த்து அதையும் தடை செய்தார்கள். 4, பொலித்தீன், 110 பாகைக்குக் கிட்ட உருகும், அதற்கு வெகு முன்னமே தொளதொளத்துவிடும். 2 உம் பொலித்தீன்தான், அதைவிடக் கெட்டி, ஆனாலும் கொதிக்கிற சொதிக்கு நான் கொடுக்கமாட்டேன். 7 என்றால் மற்றவை. அந்த ஒரு இலக்கத்துக்குள் பல சாதி அடங்கும். கண்ணாடி மாதிரித் தெளிவாக, கீழே விழுந்தாலும் உடையாத பழைய பால்போத்தல்கள் பெரும்பாலும் பொலிகார்பனேட். சூடு தாங்கும், ஆனால் சுடுதண்ணீரில் பிஸ்பீனோல் ஏ என்ற இரசாயனத்தை விடும். ஐரோப்பாவில் 2011 இலேயே பால்போத்தலில் அதைத் தடுத்துவிட்டார்கள். எங்கள் பால்போத்தலை அன்றைக்கே எறிந்தேன்.

மிஞ்சுவது 5, பொலிப்புரொப்பிலீன். உருகுவதற்கு 160 பாகை வேண்டும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாலும் உருவம் மாறாது. ஐஸ்கிரீம் பெட்டியும் மார்ஜரின் பெட்டியும் பெரும்பாலும் இதுதான் என்று கண்டதும் மாமிக்கு முகம் மலர்ந்தது.

"நான் சொல்லேல்லையே? எத்தினை வருசமாப் பாவிக்கிறம்!"

அந்தச் சந்தோசம் மூடிகளைத் திருப்பும் வரைக்கும்தான். பதினேழு பெட்டியின் மூடிகளையும் தனியே எடுத்துப் பார்த்தேன். ஒன்பது மூடியில் 4. பெட்டி ஒரு சாதி, மூடி இன்னொரு சாதி. பூட்டும்போது வளைந்து கொடுக்கவேண்டும் என்பதற்காக மூடியை மெதுவான பொலித்தீனில் செய்கிறார்கள். நாங்கள் சுடச்சுடப் பருப்பை ஊற்றி மூடியை அமத்தினால் ஆவி நேரே போய் முட்டுவது அந்த 4 இல்தான். ஆவி தண்ணீராகி, மூடியைத் தடவிக்கொண்டு மறுபடி கறிக்குள் சொட்டும். எங்கள் மூடிகள் பல நடுவில் மேடாக உப்பி, சரியாகப் பூட்டாமல் கிடந்ததன் காரணம் அப்போதுதான் பிடிபட்டது. மூடி பழசாகிவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

பெட்டியிலும் ஒரு வில்லங்கம் கண்டேன். ஒரு 5 இன் உட்பக்கம், அடியில், அம்மைத் தழும்பு மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்தியது போல. மாமியிடம் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஒருநாள் அவசரத்தில் பருப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, தாளிதத்தை மேலே கொட்டியிருக்கிறார். கடுகு வெடிக்கிற எண்ணெய் 160 பாகையைச் சும்மா தாண்டும். கொதிநீரைத் தாங்குகிற 5 அந்த எண்ணெயைத் தாங்காது. பருப்பு முழுவதும் 100 பாகைக்குள்தான் இருந்திருக்கும், ஆனால் ஓரத்தால் வழிந்த எண்ணெய்ச் சொட்டு பெட்டியை நேராகத் தொட்டிருக்கிறது. அந்தக் குழியில் இருந்த பிளாஸ்டிக் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. மாமியும் அதைச் சொல்லவில்லை.

இனி இலக்கம் இல்லாத ஏழு. ஒரு பழைய சோற்றுப் பெட்டி, ஒரு ஜக்கு, ஒரு வடி, பூப்போட்ட ஒரு கிண்ணம், பின்னேரம் பலகாரம் போடுகிற ஒரு தட்டு. இவற்றோடு இரண்டு செட் இடியப்பத் தட்டு, ஒன்று நீலம், ஒன்று பச்சை. எனக்கு உண்மையில் யோசனை இந்தத் தட்டுகளில்தான். பெட்டிக்குள் போகிற கறி ஆறிக்கொண்டே வரும். இடியப்பத் தட்டோ ஒவ்வொரு நாளும் கொதிக்கிற ஆவிக்குள் பத்து நிமிடம், மா மேலே ஒட்டிக்கொண்டு இருக்கும். வீட்டில் வேறெந்தப் பிளாஸ்டிக்கும் அவ்வளவு சூடு காண்பதில்லை.

இலக்கம் இல்லாததை அறிய எரித்து மணந்து பார்க்கிற ஒரு முறை உண்டு. வீட்டுக்குள் அதைச் செய்யவேண்டாம். பி.வி.சி ஆக இருந்தால் வருகிற புகை நெஞ்சை அரிக்கும் அமிலம். நான் செய்தது மிதக்கவிட்டுப் பார்த்தது. ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் ஒரு அடர்த்தி உண்டு. தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது 5, 4, 2 மூன்றும்தான். மற்றதெல்லாம் அமிழும். நகவெட்டியால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பயறளவு துண்டு வெட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்க, இலக்கம் தெரிந்த 1, 2, 4, 5, 6 இலும் ஒவ்வொரு துண்டு.

கண்ணாடிக் கிளாசில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் துண்டில் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டு, அமிழவேண்டியதும் மிதக்கும். முதல் தரம் எனக்கு யோகட் கப் துண்டே மிதந்து குழப்பியது. ஈர்க்கால் உள்ளே அமத்தி, குமிழைத் தட்டிவிட்டதும் கல்லு மாதிரிப் போனது. கிண்ணமும் பலகாரத் தட்டும் அமிழ்ந்தன. மற்ற ஐந்தும் மிதந்தன.

இடையில் ஒரு விளையாட்டு. யோகட் கப்பின் 6 தண்ணீரைவிடச் சொட்டுத்தான் பாரம் கூட. அப்படியென்றால் கடல் தண்ணீரில் மிதக்குமா என்று சின்னவன் கேட்டான். பின்னேரம் டச்சுக்குடாப் பக்கம் போய் ஒரு போத்தல் கடல் தண்ணீர் அள்ளி வந்தோம். மிதக்கவில்லை, ஆனால் முன்னையைவிட மெதுவாக, ஆடி ஆடிக் கீழே போனது. கடல் தண்ணீரின் அடர்த்தி 1.025 அளவு, பொலிஸ்டைரீன் 1.05. பிறகு ஒரு லீற்றர் குழாய்த் தண்ணீரில் 150 கிராம் உப்பைக் கரைத்து விட்டோம். மேலே வந்துவிட்டது. பலகாரத் தட்டின் துண்டும் கூடவே வந்தது, ஆகவே அதுவும் 6 சாதியாக இருக்கக்கூடும். கிண்ணத்தின் துண்டு அடியிலேயே கிடந்தது. சூட்டுக்கு என்று பார்த்தால் இந்த உப்புத்தண்ணீர் வேலை தேவையே இல்லை. முதல் தண்ணீரில் அமிழ்ந்த எதையும் நான் சூட்டுக்கு எடுக்கப்போவதில்லை. சின்னவனுக்காகச் செய்தது.

அந்தக் கிண்ணம் மெலமைன். தட்டினால் பீங்கான் மாதிரிச் சத்தம், சூடாக்கிய ஊசி உள்ளே இறங்கவில்லை, நுனியில் கொஞ்சம் கருகியதோடு சரி. அது உருகாத சாதி. உருகாதது என்பதால் சூட்டுக்கு நல்லது என்று நினைத்துவிடக்கூடாது. கொதிக்கக் கொதிக்கப் புளிப்புச் சாமான், நாங்கள் விடுகிற ரசம், புளிக்குழம்பு மாதிரியானவை, அதிலிருந்து மெலமைனையும் போர்மல்டிகைட்டையும் இழுக்கும். நுண்ணலை அடுப்பில் வைக்கவே கூடாது. பிஸ்கட் போட வைத்துக்கொண்டோம்.

மிதந்த ஐந்தில் 5 எது, 4 அல்லது 2 எது? தண்ணீருக்கு இது தெரியாது, மூன்றையும் மிதக்கவிடும். தண்ணீரைவிட இலேசான ஏதாவது வேண்டும். குசினியிலேயே இருந்தது, தேங்காய் எண்ணெய். எங்கள் ஊர் வெக்கையில் உறையாமல் தெளிவாக இருக்கும்போது அதன் அடர்த்தி ஏறக்குறைய 0.917. பொலிப்புரொப்பிலீன் 0.90 முதல் 0.91 வரை. பொலித்தீன் வகைகள் 0.92 இலிருந்து மேலே. இடைவெளி மயிரிழைதான், ஆனாலும் வேலை செய்யும்.

துண்டுகளை நன்றாகத் துடைத்து ஈரம் போக்கி, எண்ணெய்க்குள் அமத்திவிட்டுப் பொறுமையாக இருக்கவேண்டும். எண்ணெய் தடிப்பு, அதனால் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். இலக்கம் தெரிந்த ஐஸ்கிரீம் பெட்டித் துண்டு ஒரு நிமிடத்தில் மேலே வந்து சேர்ந்தது. 2 நேரே கீழே. 4 துண்டு நடுவில் நின்று, போவதா விடுவதா என்று யோசித்து, கடைசியில் அடியில் போய்ப் படுத்தது. அளவுகோல் சரியாக இருக்கிறது என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது. இந்தத் தெரிந்த துண்டுகள் இல்லாமல் இந்தச் சோதனையை யாரும் செய்யவேண்டாம். எண்ணெய்க்கு எண்ணெய் கொஞ்சம் வித்தியாசப்படும்.

சோற்றுப் பெட்டி, வடி, நீலத் தட்டு மூன்றும் மேலே வந்தன. 5 தான். ஜக்கு கீழே போனது. அதன் வழுவழுப்பும், நகத்தால் கீறினால் கோடு விழுவதும் 2 என்று சொல்லின. தண்ணீர் ஜக்குக்கு அது போதும்.

பச்சைத் தட்டுதான் ஆட்டம் காட்டியது. முதல் துண்டு கீழே போனது. சரி, பொலித்தீன் என்று எழுதிவிட்டு, ஏனோ மனம் ஒப்பாமல் அதே செட்டில் இன்னொரு தட்டின் ஓரத்தை வெட்டிப் போட்டேன். அது எண்ணெயில் மேலே வந்தது. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே கட்டாக வாங்கியவை. மூன்றாவது தட்டு நடுவில் தொங்கியது.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மலிவாக்குவதற்குச் சுண்ணாம்புத் தூள் கலந்திருந்தால் 5 கூடப் பாரமாகி எண்ணெயில் அமிழும். அல்லது பழைய பிளாஸ்டிக் பலதையும் அரைத்துக் கலந்து வார்த்திருப்பார்கள், தட்டுக்குத் தட்டு கலவை மாறியிருக்கும். மிதக்கவிட்டுப் பார்ப்பது இவை இரண்டையும் பிரித்துச் சொல்லாது. அந்தச் சோதனையின் எல்லை அது. நகத்தால் கீறிப் பார்த்தேன். நீலத்தில் கோடு விழவில்லை. கீழே போன பச்சையில் இலகுவாக விழுந்தது. சாதாரணமாகத் தூள் கலந்த 5 அவ்வளவு மெதுவாக இருக்காது. ஆக இது கலவையாக இருக்கவே கூடுதல் சாத்தியம். அந்தத் தட்டுகளில் சில அகப்பை மாதிரி வளைந்து, இடியப்பச் சட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஒழுங்காக அடுக்கமுடியாமல் நிற்பது வேறு நினைவுக்கு வந்தது.

கடைசியாக ஒன்று செய்தேன். தேங்காய் எண்ணெயைக் கை பொறுக்கிற சூட்டுக்குக் காய்ச்சி, வெள்ளைப் பருத்தித் துணியில் நனைத்து, தட்டை நூறு தரம் தேய்த்தேன். நீலத் தட்டுக்குத் துணி வெள்ளையாகவே இருந்தது. பச்சைத் தட்டுக்கு, முதலில் சந்தேகமாக, பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சந்தேகமே இல்லாமல், இளம் பச்சை. மாமியிடம் துணியைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலடிக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் பச்சைத் தட்டு முழுவதையும் எண்ணி எடுத்து வெளித் திண்ணையில் வைத்தார்.

இவற்றைப் பற்றி நான் சொன்ன எதற்கும் அசையாதவர், ஒரு துணியில் அசைந்துவிட்டார். இத்தனைக்கும் 2023 ஒக்டோபர் 1 முதல் நாட்டில் தடைசெய்த பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் உறிஞ்சுகுழாய், பிளாஸ்டிக் பூமாலை இவற்றோடு இடியப்பத் தட்டும் இருக்கிறது. அது குப்பையைக் குறைக்கப் போட்ட தடை, ஆவியைப் பற்றியதல்ல. அதை முதலே சொல்லிப் பார்த்தேன். "எங்கட குசினிக்குள்ள ஆர் வந்து பாக்கிறது" என்று முடித்துவிட்டார்.

நீலத் தட்டைப் பற்றி எனக்கு முழுத் திருப்தி இல்லை. சாதி 5 என்று தெரியும், நிறம் விடவில்லை என்று தெரியும். ஆனால் உணவுக்கென்றே செய்த 5 ஆ என்பதைத் துண்டும் எண்ணெயும் சொல்லாது. அதற்கு வைன் கிளாசும் முள்ளுக்கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட அடையாளம் இருக்கவேண்டும். அந்தப் படம்தான் உணவோடு சேரலாம் என்பதற்கு. அலை அலையாகக் கோடு போட்டது நுண்ணலை அடுப்புக்கு. இந்த இரண்டும் 17 இல் ஐந்து பெட்டியில் மட்டும் இருந்தன. ஐஸ்கிரீம் பெட்டியில் கிளாசும் கரண்டியும் இருந்தாலும் கூட அது குளிர்ச் சாப்பாட்டை வைத்து விற்கச் செய்த பெட்டி. கொதிக்கிறதை ஊற்றச் சொல்லி அதில் ஒருவரும் எழுதவில்லை. நீலத் தட்டை, சந்தையில் நல்ல பிரம்புத் தட்டு கிடைக்கும் வரை என்று விட்டுவைத்தோம். இரண்டு கிழமையில் கிடைத்தது. மா முதல் இரண்டு நாள் ஒட்டும், எண்ணெய் பூசிப் பழக்கவேண்டும், கழுவிய உடனே காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மாமிக்கு இதெல்லாம் முன்னமே தெரிந்திருந்தது. சின்ன வயதில் அவர் வீட்டில் பிரம்புத்தட்டுத்தானாம்.

பெட்டிகளில் எட்டு மிஞ்சின. பெட்டியும் மூடியும் இரண்டுமே 5 ஆக இருந்த எட்டு. அவற்றிலும் உட்பக்கம் கீறல் விழுந்து, மஞ்சள் நிறம் கழுவினாலும் போகாத இரண்டைக் கழித்தேன். கறியின் மஞ்சள் ஊறி நிற்கிறதென்றால் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே போகிற வழியால் வெளியேயும் வரும். மதிலில் வெயிலுக்குக் கவிழ்த்துக் காயவைத்து வெளிறிப் போன ஒன்றும் போயிற்று. 5 க்கு வெயில் பகை. மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரிக் கையில் ஒட்டத் தொடங்கினால் அது உடையப்போகிறது.

மிஞ்சிய ஐந்திலும் சூடாக ஊற்றுவதில்லை என்று ஏற்பாடு. சமையல் வெப்பமானியை வைத்து ஒருநாள் பார்த்தேன். அடுப்பால் இறக்கிய பருப்பு 94 பாகை. அகலமான எவர்சில்வர் சட்டியில் திறந்து வைத்தால் அரை மணித்தியாலத்தில் 60 க்குக் கிட்ட வந்துவிட்டது. அதற்குப் பிறகு பெட்டிக்கு மாற்றி, மூடி, குளிர்சாதனப் பெட்டிக்குள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் விடுவதில்லை. விட்டால் பிளாஸ்டிக்கை விடப் பெரிய தொல்லை பருப்பிலேயே வந்துவிடும்.

கடைச் சாப்பாட்டுக்குத்தான் இன்னும் வழி சரியாக இல்லை. இரவு பரோட்டா வாங்கப் போகிற கடையில் கொதிக்கக் கொதிக்கக் குழம்பைச் சின்னப் பொலித்தீன் பைக்குள் ஊற்றி, இரண்டு சுழற்றுச் சுழற்றி முடிச்சுப் போட்டுத் தருவார்கள். பையில் இலக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வர முன்னம் அது பலூன் மாதிரி மெதுத்திருக்கும். இப்போது இரண்டு தட்டுக் கரியர் கொண்டுபோகிறேன். முதல் நாள் கடைத் தம்பி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், குழம்பைப் பழக்க தோசத்தில் பைக்குள் ஊற்றி, அந்தப் பையைக் கரியருக்குள் வைத்துத் தந்தார். இரண்டாம் நாளிலிருந்து கரியரைத் திறந்து அண்டாவுக்குப் பக்கத்தில் நானே வைத்துவிடுகிறேன்.

கழித்தவற்றில் மாமி பாதியை எறியவிடவில்லை. மூடி 4 ஆன பெட்டிகளில் கருவாடும் செத்தல் மிளகாயும் போகிறது, அதற்கு ஒரு கரைச்சலும் இல்லை. தழும்பு விழுந்த பெட்டியில் தையல் சாமான். சுருங்கிய கொத்தமல்லிப் போத்தலைத் தேடினேன், காணவில்லை. பிறகு பார்த்தால் இடுப்புக்கு மேலே வெட்டி, அடியில் துளை போட்டு, கிணற்றடியில் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை வைத்திருந்தார்.